பிரசவத்துக்குப் பிறகு மறுபடியும் ஓடுவது: இடுப்புத்தளத் தசைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை பெற்ற பெண்களை ஓட்டத்துக்குத் தயார் செய்யும் பிசியோதெரபிஸ்ட் நான். ஓடத் துடிக்கிற ஒவ்வொரு பெண்ணும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார். சிலர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடும் விஷயம் ஒன்றுதான்: மூச்சும் கால்களும் ஓட்டத்துக்குத் திரும்பிய பிறகும் இடுப்புத்தளம் திரும்பியிருக்காது. அதனால் வேகத்தை அதுதான் தீர்மானிக்க வேண்டும்.

1. ஆறாவது வாரம் செக்கப் போனேன், எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. இனிமே ஓடலாம்தானே?

இன்னும் இல்லை. ஆறாவது வாரப் பரிசோதனையில் கர்ப்பப்பை சுருங்கியிருக்கிறதா, தையல் ஆறியிருக்கிறதா, உதிரப்போக்கு நின்றதா, ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். அன்றாட வேலைகளுக்கு அது போதும். ஓடும்போது விழும் அதிர்ச்சியை உங்கள் உடல் தாங்குமா என்பதைப் பெரும்பாலும் அங்கே யாரும் சோதிப்பதில்லை.

2019-ல் பிரிட்டனைச் சேர்ந்த மூன்று பிசியோதெரபிஸ்ட்கள் இதற்கென ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டார்கள். பிரசவம் முடிந்து குறைந்தது 12 வாரம் வரை ஓட வேண்டாம், அதன் பிறகும் உடல் தாங்குகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்பது அதன் சாரம். நானும் அதையே பின்பற்றுகிறேன். 12 வாரம் என்பதைக் கதவு திறக்கும் நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. என்னிடம் வருபவர்களில் பலர் நான்காவது, ஐந்தாவது மாதத்தில்தான் தொடங்குகிறார்கள்.

2. இடுப்புத்தளத் தசைன்னு எல்லாரும் சொல்றாங்க. அது எங்க இருக்கு? ஓடுறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

முன்னால் அந்தரங்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தொட்டில் துணி மாதிரி விரிந்து கிடக்கும் தசைகள் அவை. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் தங்கியிருக்கின்றன. சிறுநீர்ப் பாதை, பிறப்புறுப்பு, ஆசனவாய் மூன்றும் அதன் வழியாகத்தான் வெளியே வருகின்றன. கர்ப்ப காலம் முழுக்க அது குழந்தையின் எடையைத் தாங்குகிறது. சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவர, தன் இயல்பான நீளத்தைப் போலப் பல மடங்கு விரிந்து கொடுக்கிறது. அப்படி விரிந்த தசை பழைய நிலைக்கு வருவதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களில் நடக்கிறது.

இனி ஓட்டத்தைப் பாருங்கள். மெதுவாக ஓடும்போதே ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்துக்கொண்டால் 20 நிமிடத்தில் 3200 அடி. ஒவ்வொரு அடியிலும் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள் கீழ்நோக்கி அழுத்த, இடுப்புத்தளம் நாம் நினைக்காமலேயே நொடிக்குள் இறுகி அவற்றைத் தாங்க வேண்டும். ஒருமுறை இறுகினால் போதாது. மூவாயிரம் முறை, சோர்ந்து போகாமல், சரியான நேரத்தில் இறுக வேண்டும். பலமும் தாக்குப்பிடிக்கும் திறனும் இரண்டுமே தேவை என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுதான் காரணம்.

3. கெகல் பயிற்சி செய்றேன். ஆனா சரியா செய்றேனான்னே தெரியல.

கெகல் என்பது இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சி. முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். மூச்சை மெல்ல வெளியே விட்டபடி, வாயு வெளியேறாமல் அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்குங்கள். அந்தச் சுருக்கத்தை அப்படியே முன்பக்கம் சிறுநீர் வரும் இடம் வரை கொண்டுவந்து, உள்ளே மேலே தூக்குவது போல இழுங்கள். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது. மூச்சு நிற்கக் கூடாது. பிறகு முழுமையாகத் தளர விடுங்கள். இந்தத் தளர்வைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தளராத தசை மறுபடி சுருங்கவும் முடியாது.

நீளமாகப் பிடிப்பது பத்து, சட்டென்று சுருக்கி விடுவது பத்து, இப்படி நாளைக்கு மூன்று வேளை. நீளப் பிடிப்பு முதலில் மூன்று நொடிதான் வரும், அதில் தவறில்லை. பத்து நொடி வரை கொண்டு போவதே நோக்கம். படுத்துக்கொண்டு நன்றாக வந்ததும் உட்கார்ந்து, பிறகு நின்றுகொண்டு செய்யுங்கள். ஓடுவது நின்றுதானே!

சரிபார்க்க ஒரு சின்னக் கண்ணாடி போதும். சுருக்கும்போது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே, மேலே போக வேண்டும். வெளியே பிதுங்கினால் நீங்கள் தூக்கவில்லை, முக்குகிறீர்கள். அப்படியே தொடர்ந்தால் நன்மைக்குப் பதில் கெடுதல்தான் வரும். ஒருமுறையாவது இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்யும் வழக்கம் வேண்டாம். அதனால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

4. அப்போ 12 வாரம் வரைக்கும் சும்மா படுத்தே இருக்கணுமா?

வேண்டவே வேண்டாம். ஓட்டத்துக்கான அஸ்திவாரம் அந்த 12 வாரத்தில்தான் போடப்படுகிறது. முதல் இரண்டு வாரம் ஓய்வு, வலியில்லாத அளவுக்கு மெல்லிய கெகல், வீட்டுக்குள் நடை. இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். உதிரப்போக்கு அதிகமானாலோ கீழே கனமாக உணர்ந்தாலோ அன்றைய நடை அதிகமாகிவிட்டது என்று பொருள். படுத்து இடுப்பைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது போன்ற உடல் எடைப் பயிற்சிகளை இந்தக் கட்டத்தில் சேர்க்கலாம்.

ஆறிலிருந்து 12 வாரம் வரை பலம் சேர்க்கும் காலம். கெண்டைக்கால், தொடை, பிட்டம் மூன்றுக்கும் வாரம் இரண்டு மூன்று நாள் பயிற்சி கொடுங்கள். ஒன்பது மாதம் நடை மாறி, உட்கார்ந்து பாலூட்டிய காலமும் சேர்ந்து, கெண்டைக்காலும் பிட்டமும் நினைப்பதைவிட மெலிந்திருக்கும். அவை வாங்கிக்கொள்ளாத அதிர்ச்சி நேரே இடுப்புத்தளத்துக்குப் போகும். மூச்சுக்கு வேலை வேண்டும் என்றால் வேகநடை, உட்கார வலியில்லை என்றால் சைக்கிள், உதிரப்போக்கு நின்று காயம் முழுதாக ஆறியிருந்தால் நீச்சல்.

5. 12 வாரம் முடிஞ்சிடுச்சு. நான் ரெடியா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2019 வழிகாட்டுதலில் உள்ள சோதனைகளையே நான் பயன்படுத்துகிறேன். வீட்டிலேயே செய்யலாம். 30 நிமிடம் நடங்கள். ஒற்றைக்காலில் 10 நொடி நில்லுங்கள். ஒற்றைக்காலில் பத்து முறை பாதி குந்தி எழுங்கள். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுங்கள். முன்னோக்கிப் பத்து முறை தாவுங்கள். கடைசியாக ஒவ்வொரு காலிலும் பத்து முறை நின்ற இடத்தில் நொண்டியடியுங்கள். சிறுநீர்க் கசிவு, கீழே கனம், வலி எதுவும் இல்லாமல் இத்தனையும் முடிய வேண்டும்.

பலத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. ஒற்றைக்காலில் குதிங்காலைத் தூக்குவது, ஒற்றைக்காலில் நாற்காலியிலிருந்து எழுவது, படுத்து ஒரு காலூன்றி இடுப்பைத் தூக்குவது, பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துவது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமும் 20 முறை. முதல் தடவையிலேயே 20 வருபவர்கள் குறைவு. வராவிட்டால் அதையே உங்கள் பயிற்சியாக்கிக்கொள்ளுங்கள்.

சோதனை முடிந்த அந்த நிமிடத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மறுநாள் மாலை வரை கவனியுங்கள். உறுப்புகள் கீழே இறங்குவது போன்ற உணர்வு பலருக்கும் நாள் முழுக்க நின்று நடந்த பிறகுதான் தலைகாட்டும்.

6. எந்த மாதிரி அறிகுறி வந்தா ஓடுறதை நிறுத்தணும்?

சிறுநீர் கசிவது. வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது. பிறப்புறுப்பில் கனம், இழுப்பு, உள்ளே பந்து உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு, அல்லது அங்கே ஒரு புடைப்பு. அந்தரங்க எலும்பிலோ இடுப்பின் பின்பக்கத்திலோ தையல் போட்ட இடத்திலோ வலி. நின்றுபோன உதிரப்போக்கு ஓடிய பிறகு மறுபடி வருவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய ஓட்டத்தை நடையாக மாற்றிவிடுங்கள், அடுத்த முறை எட்டாவது பதிலில் உள்ள திட்டத்தில் ஒரு படி கீழே இறங்குங்கள். இரண்டு வாரம் இறங்கி இருந்தும் மாறவில்லை என்றால் நேரில் காட்டுங்கள்.

இடுப்போடு சம்பந்தமில்லாத சில அறிகுறிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, நெஞ்சுவலி, காரணமில்லாத மூச்சுத்திணறல், ஒரு மணி நேரத்துக்குள் பேடு நனையும் அளவுக்கு ரத்தம், காய்ச்சல். இவை வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசவத்துக்குப் பின் ரத்தக்கட்டு உண்டாகும் ஆபத்து சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட அதிகம்.

7. குழந்தை பெத்தவங்களுக்குக் கொஞ்சம் கசியறது சகஜம்தானே? பேடு வச்சிட்டு ஓடிக்கலாம்னு பார்க்கிறேன்.

நிறையப் பேருக்கு இருக்கிறது, உண்மைதான். நிறையப் பேருக்கு இருப்பதாலேயே அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாகிவிடாது. இடுப்புத்தளப் பயிற்சியை முறையாக மூன்று மாதம் செய்தால் கசிவு குறைகிறது, பலருக்கு முழுதாக நிற்கிறது. இவ்வளவு எளிதில் சரியாகக்கூடிய ஒன்றை வருஷக்கணக்கில் பேடுக்குள் மறைத்து வைத்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனக்கிறது.

கசிவை ஒரு தகவலாகப் படியுங்கள். ஓட ஆரம்பித்ததுமே முதல் சில அடிகளில் கசிந்தால் தசை நேரத்துக்கு இறுகவில்லை, அல்லது பலம் போதவில்லை. 15 நிமிடம் கழித்துக் கசிந்தால் பலம் இருக்கிறது, தாக்குப்பிடிக்கும் திறன் தீர்ந்துவிட்டது. இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் என்றால், அதற்கு முந்தைய கணத்தில் சட்டென்று சுருக்கிக்கொள்ளும் பழக்கமே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். பேடு வைத்தால் கசிந்ததா என்பது தெரியும், எந்த நிமிடத்தில் என்பது தெரியாமல் போய்விடும். நமக்கு வேண்டியதே அந்த நிமிடம்தான்.

8. முதல் நாள் எவ்வளவு ஓடணும்? வாரா வாரம் எப்படிக் கூட்டணும்?

முதல் வாரம் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இதையே ஆறு முறை. முன்னாலும் பின்னாலும் ஐந்து நிமிடம் நடை. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். மொத்தம் ஓடியது ஆறு நிமிடம்தான், சிரிப்பாகக்கூட இருக்கும். ஆனாலும் அதற்குள் ஏறக்குறைய ஆயிரம் அடி விழுந்திருக்கும்.

மூன்று நாளும் ஆறாவது பதிலில் சொன்ன எதுவும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அடுத்த வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஐந்து முறை. பிறகு மூன்றுக்கு ஒன்றரை, ஐந்து முறை. அதற்கு அடுத்து ஐந்துக்கு ஒன்று, நான்கு முறை. இப்படிப் போனால் ஏழெட்டு வாரத்தில் நிற்காமல் 20 முதல் 30 நிமிடம் வரும். ஒரு வாரத்தை இரண்டு முறை செய்வதில் நஷ்டம் எதுவும் இல்லை. தூரம் நிலைத்த பிறகுதான் வேகம், அதற்குப் பிறகுதான் மேடு பள்ளம். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அடுத்த பதிலில் வரும் பெண் தடுமாறியதே இந்த இடத்தில்தான்.

9. நாலு வாரம் அருமையா போச்சு. அஞ்சாவது வாரம் திடீர்னு கசிய ஆரம்பிச்சிடுச்சு. எல்லாம் வீணாப் போச்சா?

இல்லை. இதே கேள்வியோடு வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது குழந்தை, சுகப்பிரசவம், சின்னத் தையல். கர்ப்பத்துக்கு முன் பத்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர். 14-வது வாரம் எல்லாச் சோதனையும் தேறித் தொடங்கினார். ஐந்தாவது வாரத்தில் 18-வது நிமிடத்தில் கசிவு. அடுத்த ஓட்டத்திலும் அதே 18. ஏழாவது பதிலில் சொன்னபடி அது தாக்குப்பிடிக்கும் திறன் தீரும் அடையாளம். அந்த வாரம் என்ன மாறியது என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். நடை இடைவெளியை முழுதாக நிறுத்திவிட்டிருந்தார். திரும்பி வரும் வழியைச் சரிவான சாலைக்கு மாற்றியிருந்தார். சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு அடியும் பலமாக விழும். குழந்தைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்ததால் இரவில் நாலு மணி நேரத் தூக்கம். காலையில் எழ முடியாமல் ஓட்டத்தை மாலைக்குத் தள்ளியிருந்தார். நாள் முழுக்கக் குழந்தையைத் தூக்கி நின்ற இடுப்புத்தளம் மாலையில் ஏற்கெனவே களைத்திருக்கும். ஒரே வாரத்தில் நான்கு மாற்றம்.

பரிசோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. படுத்துக்கொண்டு பத்து நொடி அழகாகப் பிடித்தார். நின்றுகொண்டு நான்கு நொடிக்கு மேல் வரவில்லை. மூன்று மாதமும் படுத்தே பயிற்சி செய்திருக்கிறார். அதோடு, ஓடும்போது வயிற்றை உள்ளிழுத்து இறுக்கிப் பிடித்திருந்தார். மேலே இறுக்கினால் அழுத்தம் கீழேதான் போகும்.

நான்காவது வாரத் திட்டத்துக்கே திரும்பினோம். சமதரை, காலை நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் நடை. வயிற்றைத் தளர்த்தி, மூச்சைத் தடையில்லாமல் விடச் சொன்னேன். அடியை நீட்டி வைப்பவர் என்பதால் அதைச் சுருக்கி, நிமிடத்துக்கு 158 அடியாக இருந்ததை 168-ஆக ஆக்கினோம். சிறிய அடி மென்மையாக விழும். கெகல் முழுக்க நின்றுகொண்டே. இரண்டு வாரம் கசிவே இல்லை. அதன் பிறகு ஓட்டத்தை ஐந்திலிருந்து ஏழு, பத்து நிமிடம் என்று நீட்டினோம், வேறு எதையும் தொடவில்லை. அந்தக் கசிவிலிருந்து ஏழாவது வாரம், நிற்காமல் 30 நிமிடம் ஓடினார். சரிவான சாலைக்கு அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் போனார்.

10. எனக்கு சிசேரியன். கீழ எதுவும் ஆகலயே, சீக்கிரம் ஓடலாமா?

கர்ப்பத்தின் எடையை உங்கள் இடுப்புத்தளமும் ஒன்பது மாதம் சுமந்திருக்கிறது. வலி எடுத்து, வெகுநேரம் முக்கிய பிறகு சிசேரியன் ஆனவர்களுக்கு அது இன்னும் அதிகம். மூன்றாவது பதிலில் உள்ள பயிற்சி உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

உங்களுக்குக் கூடுதலாக வயிற்றுச் சுவர் ஆற வேண்டும். வெளித்தோல் இரண்டு மூன்று வாரத்தில் ஒட்டிக்கொள்வதால் எல்லாம் ஆறிவிட்டதாகத் தோன்றும். அடியில் உள்ள உறுதியான சவ்வு, ஆறாவது வாரத்தில் பழைய பலத்தில் பாதியைச் சற்றுத் தாண்டியிருக்கும். ஆறு ஏழு மாதத்திலும் பெரும்பாலும் முழுதாக வந்திருக்காது. அதனால் 12 வாரத்தை முன்னே இழுக்காதீர்கள். தழும்பு நன்றாக மூடிய பிறகு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, விரலால் மெல்ல எல்லாப் பக்கமும் நகர்த்தித் தடவிவிடுங்கள். ஒட்டிப்போன தழும்பு ஓடும்போது சுரீரென்று இழுக்கும்.

11. ஆசனவாய் வரைக்கும் கிழிஞ்சு தையல் போட்டாங்க. ஆயுதம் போட்டு எடுத்தாங்க. எனக்கும் 12 வாரம்தானா?

உங்களுக்கு வாரக் கணக்கு முதலில் வராது, பரிசோதனைதான் முதலில். ஆசனவாயைச் சுற்றியுள்ள வளையத் தசை கிழிந்திருந்தாலும், ஆயுதத்தால் குழந்தையை எடுத்திருந்தாலும், இடுப்புத்தளத் தசை எலும்பிலிருந்து விடுபட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். மகப்பேறு மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் பார்த்து, மலமும் வாயுவும் அடங்குகிறதா என்று உறுதி செய்த பிறகே ஐந்தாவது பதிலில் உள்ள சோதனைகளைத் தொடுங்கள். வாயு அடங்கவில்லை என்பதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

12. கெகல் செய்யச் செய்ய எனக்கு வலிதான் அதிகமாகுது. ஏன்?

உங்கள் தசை பலவீனமாக இல்லாமல், தளர முடியாமல் இறுகிக் கிடக்கலாம். சிறுநீர் கழிக்கத் தொடங்கவே நேரமாவது, உடலுறவில் வலி, மலச்சிக்கல், அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது எல்லாம் இதோடு சேர்ந்து வரும். இறுகிய தசையும் கசியவிடும் என்பதால்தான் குழப்பம். ஏற்கெனவே முழுக்கச் சுருங்கியிருப்பதற்கு, அடி விழும் நேரத்தில் மேற்கொண்டு சுருங்க இடமிருக்காது.

கெகலைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். முழங்காலை மார்போடு அணைத்துப் படுத்து, விலா எலும்பு விரிய மூச்சை ஆழமாக இழுத்து, இழுக்கும்போது கீழே தளர்வதை உணருங்கள். தினம் இரண்டு வேளை, ஐந்து நிமிடம். இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

13. கர்ப்பப்பை லேசா இறங்கியிருக்குன்னு சொன்னாங்க. இனி வாழ்க்கையில ஓடவே கூடாதா?

அப்படி ஒட்டுமொத்தமாக யாரும் தடை போட முடியாது. லேசான இறக்கம் குழந்தை பெற்ற நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைவிட, ஓடினால் கனமும் இழுப்பும் வருகிறதா, வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். மறுநாள் காலைக்குள் முற்றிலும் போய்விடும் லேசான கனம் என்றால், அளவைக் குறைத்துத் தொடரலாமா என்று யோசிப்போம். நாளுக்கு நாள் கூடினால் நிறுத்திவிட்டுப் பலப்படுத்த வேண்டும்.

உள்ளே வைத்து உறுப்புகளைத் தாங்கும் பெசரி என்ற சிலிக்கோன் வளையம் இருக்கிறது. மருத்துவர் சரியான அளவு பார்த்துத் தருவார். ஓடும்போது மட்டும் அதை வைத்துக்கொள்ளும் பெண்களும் உண்டு. குழந்தைக்குப் பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதால் அந்த இடம் வறண்டு, ஆதரவும் குறைந்ததாகத் தோன்றும். பாலூட்டுவதை நிறுத்திய பிறகு சிலருக்கு அந்த உணர்வு தானாகவே குறைகிறது. மலச்சிக்கலோடு தினமும் முக்குவதும் இறக்கத்துக்கு ஓட்டத்தைப் போலவே பாரம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

14. வயிறு நடுவுல ரெண்டு விரல் இடைவெளி இருக்கு. அது மூடுற வரைக்கும் காத்திருக்கணுமா?

வயிற்றுத் தசைகளுக்கு நடுவில் உள்ள அந்த இடைவெளியின் அகலம் அவ்வளவு முக்கியமில்லை. விரலை வைத்து அழுத்தினால் அடியில் துணி மாதிரி எதிர்ப்பு தெரிகிறதா, இல்லை குழைவாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். படுத்த நிலையிலிருந்து தலையைத் தூக்கும்போது நடுவயிறு கூரை மாதிரி கூம்பினால், அந்த இடைவெளியில் உள்ள சவ்வுக்கு இன்னும் அழுத்தத்தைத் தாங்கத் தெரியவில்லை. ஐந்தாவது பதிலில் உள்ள சோதனைகளில் வயிறு கூம்பவில்லை என்றால் இரண்டு விரல் இடைவெளியோடும் ஓடலாம்.

15. பாலூட்டறேன். ஓடினா பால் குறையுமா? புளிச்சுப் போகுமா?

மிதமான ஓட்டம் பாலைக் குறைக்காது, கெடுக்கவும் செய்யாது. ஓடுவதற்கு முன் பால் கொடுத்துவிட்டால் மார்பு கனக்காமல் இருக்கும். நன்றாகப் பிடிக்கும் உள்ளாடை அணியுங்கள். ஓடி முடித்ததும் அதைக் கழற்றிவிடுங்கள், வெகுநேரம் அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளும்.

நான் கவலைப்படுவது உங்கள் எலும்பைப் பற்றி. பால் சுரக்க மட்டுமே தினமும் சுமார் 330 முதல் 500 கலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதன் மேல் ஓட்டமும், சீக்கிரம் எடை குறைய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைப்பதும் சேர்ந்தால் எலும்பில் நுண்ணிய விரிசல் விழலாம். மற்ற நேரத்தில் மாதவிலக்கு நின்றுபோவது, உடலுக்குச் சக்தி போதவில்லை என்று எச்சரிக்கும். பாலூட்டும்போது எப்படியும் அது வராமல் இருக்கலாம் என்பதால் அந்த எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்காது. அதனால் முழங்கால் கீழ் எலும்பிலோ பாதத்திலோ, விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்து, அது ஓடஓடக் கூடினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

16. பாப்பாவைத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டே ஓடலாமா?

குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதமாகி, கழுத்து உறுதியாக நின்று, தானாக உட்காரும் வரை வேண்டாம். வண்டியும் ஓடுவதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். அதன் கையேட்டில் ஒன்பது மாதம் என்றிருந்தால் ஒன்பது மாதம்தான். உங்கள் பக்கமும் ஒன்று பார்க்க வேண்டும்: வண்டியைத் தள்ளும்போது கை வீசாது, உடல் முன்னே சாயும், வயிற்றில் அழுத்தம் கூடும். வண்டி இல்லாமல் 30 நிமிடம் அறிகுறியின்றி ஓடிய பிறகு, வண்டியோடு எட்டாவது பதிலின் முதல் வாரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

17. எனக்குக் குழந்தை பிறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எதுக்கு?

காயம் ஆறுவதற்கான காத்திருப்பு உங்களுக்கு இல்லை. மற்றது எல்லாம் உண்டு. நாட்கள் போவதால் கிழிந்தது ஆறும், பயிற்சி கொடுக்காத தசை பலமாகாது. இரண்டு வருஷம் கழித்து வந்து, ஒற்றைக்காலில் மூன்று முறை நொண்டியடித்ததும் கசிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறாவது மாதத்தில் எல்லாச் சோதனையும் தேறியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கு வீட்டிலேயே ஐந்தாவது பதிலில் உள்ள சோதனைகளைச் செய்து பாருங்கள். தேறினால் நாளை மறுநாள் எட்டாவது பதிலின் முதல் வாரத்தைத் தொடங்கலாம். எங்காவது கசிந்தால் மூன்றாவது பதிலுக்குப் போங்கள். மூன்று மாதம், நாளைக்கு மூன்று வேளை, கடைசி மாதம் முழுக்க நின்றுகொண்டு. அதன் பிறகு மறுபடி நொண்டியடித்துப் பாருங்கள்.